நீலப் பட்டைக் குழல்

மணமேல்குடி, மீமிசல் பக்கம் டைல்ஸ் வேலை பார்க்கிற மேஸ்திரிகளுக்கு ஞானசெல்வியைத் தெரியும். டைல் ஒட்டுவது அவள் வேலை இல்லை. ஒட்டி முடித்த டைல்களுக்கு நடுவே இருக்கிற இடுக்குகளை அடைப்பதுதான் அவள் வேலை. "ஜாயிண்ட்டுக்கு செல்வியக் கூப்பிடு" என்று ஒரு மேஸ்திரி இன்னொரு மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வேலை ஓய்வதில்லை.

சித்தாளாகக் கலவை சுமக்க வந்தவள்தான். ஒரு நாள் இடுக்கு அடைக்க ஆள் வராததால் அவளை உட்கார வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வேலைதான் இது. சிமெண்ட் பூச்சை எல்லாரும் அடைப்பார்கள். எபாக்ஸி அப்படி இல்லை. டப்பாவில் வருகிற இரண்டு பசையையும் முதலில் நன்றாகக் குழைத்து, அதன்பிறகு பொடியைப் போட்டுப் பிசைய வேண்டும். பிசைந்த நிமிடத்திலிருந்து அது இறுக ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆசைப்பட்டு டப்பா முழுவதையும் ஒரே தடவையில் கலந்தவன் பாதி டப்பாவைக் கல்லாகத் தூக்கிப் போடுவான். இடுக்கில் அடைத்த கையோடு டைல் மேல் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் மங்கலாக ஒரு படலம் நிற்கும். உளி வைத்தாலும் வராது. ஞானசெல்வி ஒரு கும்பாவில் அடங்கும் அளவுக்குத்தான் கலப்பாள். ரப்பர் பலகையைக் குறுக்குவாட்டில் இழுப்பாள், பின்னாலேயே ஈர நாரால் ஒரு துடைப்பு, பஞ்சால் மறுதுடைப்பு. அவள் எழுந்து போன தரையில் முகம் பார்க்கலாம்.

எங்கே எதைப் போடுவது என்பதும் அவளுக்கு அத்துப்படி. ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் சிமெண்ட் பூச்சு போதும். குளியலறைத் தரைக்கும் அடுப்பு மேடைக்கும் எபாக்ஸி. அது தண்ணீரையும் குடிக்காது, மஞ்சள் கறையையும் குடிக்காது. ஆனால் தரையும் சுவரும் சேருகிற மூலையில் எபாக்ஸியும் ஆகாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அசைகிற இடம் அது. இறுகிப்போகிற எதைப் போட்டாலும் வெடித்துவிடும். அங்கே ரப்பர் மாதிரி இழுபடுகிற சிலிகான்தான். ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும் அதுவே. சிலிகானிலும் புளித்த காடி வாடை அடிக்கிற வகை ஒன்று உண்டு. அது அலுமினியத்தை அரிக்கும், சிமெண்டோடும் ஒத்துப்போகாது. அதனால் காடி வாடை அடிக்காத நியூட்ரல் வகைதான் போட வேண்டும். உள்ளே கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விழுகிற கீறலுக்கு மட்டும் அக்ரிலிக். அதன் மேல் பெயிண்ட் பிடிக்கும். சிலிகான் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு எழுத்து தெரியாது.

ஆவூர் பக்கம் பிறந்தவள். பள்ளிக்கூடம் இருந்த ஊர்தான். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான், அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தினார்கள். அதற்குப் பின்னால் தங்கை. கல்யாணமாகி மணமேல்குடிக்கு வந்தபோது யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் பக்கம் திருப்பும்போது திருப்புவாள். பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் வாய் தவறாது. பஸ்ஸை நிறத்தையும் கண்டக்டரையும் வைத்துப் பிடிப்பாள். திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் ஜெனிஷாவுக்கு மட்டும் தெரியும். அதுகூட வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. வீட்டுக்கு ஏதாவது கடுதாசி வந்தால் மகள் தானாக எடுத்துச் சத்தமாகப் படிப்பாள், அவ்வளவுதான்.

வேலையில் நிறம் கைகொடுத்தது. அவள் கூடவே நாலைந்து வருஷமாக வேலை பார்க்கிற மேஸ்திரி ரகுநாத் எப்போதும் ஒரே கம்பெனிச் சரக்கைத்தான் வாங்குவான். வெள்ளைக் குழலில் நீலப் பட்டை போட்டது சிலிகான், பச்சைப் பட்டை போட்டது அக்ரிலிக். பட்டையைப் பார்த்து, பசை பிதுக்குகிற துப்பாக்கியில் மாட்டுவாள். ஒரு நாளும் பிசகியதில்லை.

மீமிசலில் அஜீசாவின் வீட்டு வேலை வந்தது ஆவணியில். புருஷன் காஜா மைதீன் குவைத்தில் இருந்தார். கட்டட வேலை முழுவதையும் அஜீசாதான் நின்று பார்த்தாள். நல்ல மனுஷி, ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பாள். கல்லூரியில் படிக்கிற மகள் மாஹிரா கூடவே வருவாள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கிழக்கே நாலு ஜன்னல். எபாக்ஸி போட்டு முடித்த அன்று அஜீசா குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒங்க கை தங்கக் கை செல்வி" என்றாள். ஞானசெல்விக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை காதிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் ரகுநாத் ஒரு பை நிறையக் குழல்களைக் கொண்டுவந்து மாடியில் வைத்தான். "அக்கா, ரெண்டும் கலந்து கெடக்கு. பாத்ரூம் மூலைக்கும் ஜன்னலுக்கும் சிலிகான். கதவு நெலைக்கு அக்ரிலிக். நான் அறந்தாங்கி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று வண்டியை எடுத்தான்.

கம்பெனிக்காரன் குழலின் தோற்றத்தை மாற்றியிருந்தான். எழுத்து புதுசு, படம் புதுசு. நீலமும் பச்சையும் மட்டும் இருந்தன, இடம் மாறி, நீலத்தில் அக்ரிலிக்கும் பச்சையில் சிலிகானுமாக. அது அவளுக்கு எப்படித் தெரியும்? நீலத்தை எடுத்து முனையை வெட்டிக் குளியலறை மூலையில் ஓட்டினாள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்தபோது கிண்ணத்துத் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. சிலிகானுக்கு அப்படி ஆகாது. ஒரு கணம் நின்றாள். பிறகு நாலு ஜன்னலையும் வெளிப்பக்கம் சுற்றி முடித்துவிட்டுக் குழாயில் கை கழுவினாள். எல்லாம் கரைந்து போய்க் கை சுத்தமானது. சிலிகான் விரலில் ஏறினால் மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் தேய்த்தாலும் ரெண்டு நாளைக்கு விடாது.

பச்சைக் குழலை எடுத்துக் கதவு நிலையில் ஓட்டியபோது அது விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சிலிகானுக்கே உரிய லேசான வாடையும் வந்தது.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பின்னால் அவளைத் தின்றது. மாஹிரா மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டி நடந்தால் பத்தடி. "பாப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று கேட்டிருந்தால் தீர்ந்தது. குழலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைக்கவும் செய்தாள். அந்தப் பெண் தலை நிமிர்ந்து, "என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. குடிக்கத் தண்ணி இருக்கா?"

தண்ணீர் குடித்துவிட்டு மீதிக் கதவு நிலைகளையும் பச்சைக் குழலாலேயே முடித்தாள். கம்பெனிக்காரன் சரக்கைத் திருத்தியிருப்பான், கையில் ஒட்டாத சிலிகான் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெயிண்டர் ரிஃபாய் வந்தார். ஐம்பது வயதுக்காரர், படகுக்கும் பெயிண்ட் அடிப்பார், வீட்டுக்கும் அடிப்பார். கதவு நிலை ஓரத்தில் அவர் பிரஷ்ஷை இழுத்தால் பெயிண்ட் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு ஒதுங்கியது. ரெண்டாவது கை அடித்தார். அதுவும் ஒதுங்கியது. மூன்றாவது அடித்ததும் தோலாக உரிந்து வந்தது.

அன்றைக்கு ஞானசெல்வி கீழே அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே சத்தம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அஜீசா, ரகுநாத், ரிஃபாய் மூவரும் நிலைப்படியில் நின்றார்கள்.

"மட்டமான பெயிண்ட வாங்கியாந்து அடிச்சா எப்படி பாய் ஒட்டும்? எவ்வளவு ஆசையா கட்டுன வீடு" என்றாள் அஜீசா.

"பெயிண்ட்டுல கொறை இல்லம்மா. கீழ இருக்கறது சிலிகான் மாதிரி தெரியுது. சிலிகான்னா நான் என்ன, யாரு அடிச்சாலும் ஒட்டாது."

ரகுநாத்துக்குச் சுருக்கென்றது. "அக்ரிலிக்தான் வாங்கிக் குடுத்தேன். இந்தா, போட்டவங்களையே கேளுங்க. அக்கா, கதவுக்கு அக்ரிலிக்தானே போட்டீங்க?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ரிஃபாயின் தாடியில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு இருந்தது. அவர் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று சாதாரணமாக எதிர்பார்த்தபடி நின்றார்.

"ஆமா" என்று தலையாட்டினாள் ஞானசெல்வி.

ரிஃபாய் பிரஷ்களைத் தண்ணீரில் அலசி, டப்பாக்களை மூடி, மத்தியானத்துக்குள் இறங்கிப் போய்விட்டார். வேறு ஆளைப் பிடித்து மீதியை முடித்தாள் அஜீசா. கதவு ஓரங்களுக்குப் பட்டையாக மரச் சட்டம் அடித்து மறைத்துவிட்டார்கள். ரிஃபாய் மட்டச் சரக்கு அடிக்கிறார் என்ற பேச்சு தெருவில் நாலு வீட்டுக்குப் போனது. அவருக்குப் பேசி வைத்திருந்த ஒரு வீட்டு வேலையும் கைமாறியது. இதெல்லாம் ஞானசெல்வியின் காதுக்கு வந்தது. அவள் கேட்டுக்கொண்டு, ரப்பர் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கதவில் இருப்பது சிலிகான் என்றால் ஜன்னலில் இருப்பது என்ன என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாமலா போகும்? ராத்திரி படுத்தால் அந்த நாலு கிழக்கு ஜன்னல்தான் கண்ணில் வந்து நின்றது. மழை வருவதற்குள் போய்ப் பிடுங்கிப் போட்டு மாற்றிவிடலாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ரிஃபாய் பாய் விஷயமும் வரும். இப்படியே புரட்டாசி போனது.

ஐப்பசியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு கிளம்பி மூன்று நாள் காற்றும் மழையுமாக அடித்தது. காற்று கிழக்கேயிருந்து சாய்த்து அடிக்க, அக்ரிலிக் ஊறிக் கொழகொழத்து, நாலு ஜன்னல் அடியிலும் தண்ணீர் உள்ளே வழிந்தது. புதுச் சுவர் உப்பிக்கொண்டது. குளியலறைக் கதை அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. குடிவந்து தினமும் குளிக்கிற தண்ணீரில் மூலை வெளுத்து, பிய்ந்து, ஓரம் கறுத்திருந்தது. அடுத்த அறைச் சுவரின் அடியில் ஈரம் ஏறியிருந்தது.

மழை விட்ட காலை அஜீசா ரகுநாத்தை வரச் சொன்னாள். அவன் ஞானசெல்வியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம், "கம்பெனிக்காரன் டூப்ளிகேட் போட்டுட்டான்க்கா, விடமாட்டேன்" என்று பொருமிக்கொண்டே வந்தான். அவள் பின்னால் உட்கார்ந்து, அவன் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குளியலறையில் அஜீசா கூச்சல் போடவில்லை. குனிந்து மூலையை விரலால் தொட்டாள். தயிர் மாதிரி விரலோடு வந்தது. "தரை ஜாயிண்ட்டு ஒண்ணுகூட அசையல. இது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சரக்கு மோசம்க்கா. கடையில போய் நான் கேக்குறேன்" என்றான் ரகுநாத்.

மாஹிரா பின்கட்டுக்குப் போய், கட்டடச் சாமான் மூட்டையிலிருந்து காலிக் குழல் இரண்டை எடுத்துவந்தாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. "பாத்ரூமுக்கு எதப் போட்டீங்கக்கா?"

ஞானசெல்வி நீலத்தைக் காட்டினாள்.

மாஹிரா மற்றதை வாஷ்பேசின் மேடையில் வைத்துவிட்டு அதைத் திருப்பிப் படித்தாள். "இது அக்ரிலிக்குக்கா. உள்பக்கம் மட்டும் போடணும், தண்ணி நிக்கற எடத்துல போடக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே."

ரகுநாத் குழலை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அக்கா?"

வாய் தானாக ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தது. "அன்னைக்குக் கண்ணாடி கொண்டாரல தம்பி. பொடி எழுத்து, சரியாத் தெரியல."

அவள் கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அஜீசா அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். "அதுக்கென்ன, வயசானா எல்லாருக்கும்தான்" என்று தன் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்தாங்க, என்னோடதப் போட்டுப் பாருங்க. தெரியுதான்னு பாத்துட்டு, பவர் ஒத்துச்சுன்னா இதேபோல ஒண்ணு வாங்கிக்கலாம்." ஞானசெல்வியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, பக்கத்தில் மேடையில் கிடந்த குழலையும் எடுத்து நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. போட்டுக்கொண்டாள். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எழுத்துகள் பெரிசாயின, கறுப்பாயின. அவ்வளவுதான். ஓடுகிற எறும்பைப் பெரிதாக்கிக் காட்டினால் எறும்பு பேசிவிடுமா? மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தால் படித்த மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாட்டுப் புத்தகம் என்றால் பக்கத்தில் பக்கம் திருப்புகிறவர்கள் இருப்பார்கள்.

"ஆமா" என்றாள். "நல்லாத் தெரியுது. அக்ரிலிக்னுதான் போட்டிருக்கு. என் தப்புதான்."

மாஹிரா மெதுவாக அம்மாவைப் பார்த்தாள். ரகுநாத் சுவரைப் பார்த்தான். அப்போதுதான் ஞானசெல்வி கையிலிருந்த குழலைக் கீழே தாழ்த்திப் பார்த்தாள். பச்சை. அஜீசா எடுத்துக் கொடுத்தது சிலிகான் குழல்.

கண்ணாடியைக் கழற்றினாள். மடக்கத் தெரியாமல் அதன் ஒரு காம்பு வளைந்தது. அஜீசா அதை அவள் கையிலிருந்து வாங்கி, "பரவாயில்ல, குடுங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த இதம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஏசியிருந்தால் நின்றிருப்பாள். காதுமடல் இரண்டும் எரிய, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குளியலறையிலேயே குனிந்து அந்தக் கொழகொழப்பை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அங்கே செய்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

திரும்பும்போது கோட்டைப்பட்டினம் தாண்டி ரகுநாத் வாய் திறந்தான். "இத்தன வருஷமா கூட வேல பாக்குறேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

பின்னால் உட்கார்ந்திருந்ததில், அவள் கண்ணில் நீர் வழிவது அவனுக்குத் தெரியாதது ஒரு சௌகரியம்.

இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூலி பேசவில்லை, அஜீசா பேச வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். ஜன்னலிலும் குளியலறை மூலையிலும் இருந்த அக்ரிலிக் சுலபமாக வந்தது. ஈரத் துணி வைத்து ஊறவிட்டால் கத்தி முனையில் பட்டையாக உரிந்தது. இடுக்குகளைக் காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருந்த இடத்தில் நுரைக் கயிற்றைத் திணித்து, அதன் மேல் சிலிகானை ஓட்டினாள். ஒவ்வொரு குழலையும் எடுக்கும்போது ரகுநாத், "சிலிகான் அக்கா, நியூட்ரல்" என்று சத்தமாகச் சொன்னான். பசை டப்பாவுக்கும் சொன்னான். டீக்கடையிலிருந்து வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தைக்கூட ஒரு தடவை படித்துச் சொன்னான். நல்ல மனசில்தான் செய்தான். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது.

கதவு நிலைதான் உயிரை வாங்கியது. மரச் சட்டத்தைக் கழற்றிவிட்டுச் சிலிகானை அறுத்து எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் ஒதுங்கும். புது அக்ரிலிக்கும் ஒட்டாது. அறுத்து, சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ரிஃபாயின் நினைப்பு வந்தது. குளியலறையில் பட்ட வெட்கத்தோடு மூன்று பேருக்கு முன் நின்றாயிற்று. இன்னும் ஒருவர் முன்னால் நிற்பதுதான் பாக்கி.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைக்குப் போனாள். மீன் இறக்குகிற இடத்துக்குத் தள்ளி, கரையேற்றி வைத்த படகு ஒன்றின் அடிவயிற்றில் ரிஃபாய் குந்தி உட்கார்ந்து நீலம் அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"பாய், கதவு நெலையில இருந்தது சிலிகான்தான். நீங்க சொன்னதுதான் சரி. குழல் மாறிப் போச்சு. எனக்கு... எழுத்து தெரியாது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஜெனிஷாவிடம்கூடச் சொல்லாத வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள் போல.

ரிஃபாய் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார். "கேள்விப்பட்டேம்மா. அஜீசா ஆள் அனுப்பியிருந்துச்சு. வருத்தப்பட்டுச்சு." பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். "எழுத்துத் தெரியாததுல என்ன இருக்கு? எங்க வாப்பாவுக்கும் தெரியாது. மூணு படகு வச்சிருந்தாரு. ஆனா அன்னைக்கி ரகுநாத்து கேட்டப்ப, அது சிலிகான்னு ஒங்க கைக்குத் தெரியும்ல? கையில ஒட்டியிருக்கும்ல?"

"தெரியும்."

"அதுக்குப் படிப்பு எதுக்கு?"

கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவள் அங்கேயே நின்றாள். மணல் சுட்டது. இத்தனை நாளும் எந்த வெட்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்தாளோ அது ஒன்றுமே இல்லாமல் போய், அதன் அடியில் வேறொன்று கிடந்தது. இதை மறைக்க ஒரு கண்ணாடியும் கிடையாது. கடைசியில், 'மன்னிச்சுக்கங்க' என்றாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்த ஆட்டமா, சரி போங்க என்ற ஆட்டமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க ரிஃபாய்தான் வந்தார். அஜீசா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டதால் வந்தார். ஞானசெல்வி போட்ட அக்ரிலிக்கின் மேல் முதல் கை அடித்து, ஒதுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒதுங்கவில்லை. அவளிடம் அவர் பேசியது, "அந்த ஏணிய இங்கிட்டுத் தள்ளும்மா" என்பது ஒன்றுதான். தள்ளினாள். கைமாறிப் போன அவருடைய அந்த இன்னொரு வேலை கைமாறியதாகவே போயிற்று. அந்த வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னாள் ஞானசெல்வி. அவர்கள் வேறு ஆளுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

சிலிகான் காய ஒரு நாள் விட்டு, ஜன்னல்களுக்கு வெளியே ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். அஜீசா உள்ளே நின்று நாலு ஜன்னலின் அடியையும் தடவினாள். இரண்டு தடவை தடவினாள். "சொட்டு இல்ல" என்றாள். கார்த்திகையில் மறுபடி காற்றோடு மழை வந்தபோதும் சொட்டு இல்லை. கிளம்புகிற அன்று அஜீசா சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். தங்கக் கை என்ற பேச்சை எடுக்கவில்லை. ஞானசெல்வி அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போதும் அவளுக்கு வேலை வருகிறது. எபாக்ஸிக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. ஜெனிஷா லீவில் வரும்போது குழல்களில் இருக்கிற பேர்களை மட்டுமாவது கற்றுக்கொள்ளச் சொல்லி உட்கார வைக்கிறாள். இரண்டு எழுத்து நிற்கிறது, மூன்றாவது நழுவுகிறது. அம்மாவும் மகளும் இதைப் பற்றி இப்போது சிரிப்பதுகூட உண்டு.

போன மாதம் கறம்பக்குடியில் ஒரு வீடு. புது மேஸ்திரி, புது ஆட்கள். இருளாயி என்ற சித்தாள் மட்டும் தெரிந்தவள். மேஸ்திரி குழல் பெட்டியை வைத்துவிட்டு நகரப் போனார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். எனக்குப் படிக்கத் தெரியாது. எது எதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் திரும்பினார். சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் திரும்பினார்கள். காது எரிய ஆரம்பித்தது. பழக்கமாகிவிடும் என்று ஜெனிஷா சொல்கிறாள், இதுவரை ஆகவில்லை. மேஸ்திரி உட்கார்ந்து ஒவ்வொரு குழலாக எடுத்துப் பேர் சொல்லிச் சொல்லி இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். அவள் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். அவர் போனதும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் தொட்டு, விரலில் ஒட்டுகிறதா என்று தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியை எடுத்தாள்.